பிறந்த நாளும் பிறந்திருக்க வேண்டிய நாளும்

குறைமாதக் குழந்தைகளின் பின்தொடர் ஓ.பி.யில் புதிதாகச் சேர்ந்திருக்கும் செவிலியருக்கும் தெரபிஸ்ட்களுக்கும் இதை எழுதுகிறேன். அங்கே எல்லோரும் ‘கரெக்டட் ஏஜ்’ என்றுதான் சொல்வோம். தமிழில் திருத்திய வயது. பிறந்த தேதியை விட்டுவிட்டு, டாக்டர் குறித்துக்கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து எண்ணும் வயது அது. கணக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளை போடும் அளவுக்கு எளிது. அதை எந்தத் தேதியிலிருந்து போடுவது, எதற்குப் போடுவது, எதற்குப் போடக் கூடாது என்பதில்தான் புதிதாக வருபவர்கள் தடுமாறுகிறார்கள்.

1. எடையைப் பார்த்துக் குறைமாதம் என்று முடிவு கட்டாதீர்கள்.

ஒன்றே முக்கால் கிலோவில் பிறந்த குழந்தை எதிரே இருந்தால், “பிரீடெர்ம் பேபிதானே” என்று வாய் தானாகச் சொல்லிவிடும். ஆனால் நம் ஊரில் எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளில் பலர் மாதம் நிறைந்து பிறந்தவர்கள். வயிற்றுக்குள் வளர்ச்சி குன்றியதால் எடை போடாதவர்கள். 38 வாரம் முடிந்து 1.8 கிலோவில் பிறந்த குழந்தைக்கு இரண்டு மாதத்தைக் கழித்துவிட்டீர்களானால், இல்லாத சலுகையைக் கொடுக்கிறீர்கள். அந்தக் குழந்தை பின்தங்கினாலும் உங்கள் கணக்கில் சரியாகவே தெரியும். 37 வாரம் முடிவதற்கு முன் பிறந்தால்தான் குறைமாதம். அதைத் தராசு சொல்லாது, தேதிதான் சொல்லும்.

அந்தத் தேதி எங்கே கிடைக்கும்? டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘இத்தனை வாரம், இத்தனை நாள்’ என்று இருக்கும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் தாய் சேய் நல அட்டையையும் ஸ்கேன் ரிப்போர்ட்களையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேனில் வரும் பிரசவத் தேதியே நம்பகமானது. அந்தப் பருவத்தில் எல்லாக் கருவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கிறது. எட்டாம் மாத ஸ்கேன், அளவை வைத்து வயதை ஊகிக்கிறது. வளர்ச்சி குன்றிய 32 வாரக் கருவை அது 29 வாரம் என்று காட்டி, பிரசவத் தேதியை மூன்று வாரம் தள்ளிப் போட்டுவிடும். அதை நீங்கள் எடுத்துக்கொண்டால் குழந்தையின் திருத்திய வயது மூன்று வாரம் குறைந்துபோகும்.

குடும்பத்தார் சொல்லும் மாதக் கணக்கும் உதவாது. “எட்டாம் மாசத்துல பொறந்துட்டான்” என்று பாட்டி சொன்னால், எட்டு முடிந்தா, எட்டு நடந்துகொண்டிருந்ததா? பத்து மாதம் சுமப்பதாகச் சொல்வது நான்கு வார மாதக் கணக்கு. காலண்டர் மாதமாக எண்ணினால் ஒன்பதும் சில நாட்களும். ஒருவர் சொல்லும் எட்டு மாதம் 32 வாரமாக இருக்கும், இன்னொருவர் சொல்வது 35 வாரமாக இருக்கும். “பத்துல எட்டு போக ரெண்டு” என்று கழிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

2. வாரங்களைக் கழிக்காதீர்கள், தேதியிலிருந்து எண்ணுங்கள்.

ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். தாயின் கடைசி மாதவிலக்கின் முதல் நாள் 2022 செப்டம்பர் 13. முதல் ஸ்கேனும் அதோடு ஒத்துப்போனது. பிரசவத் தேதி 280 நாள் கழித்து, 2023 ஜூன் 20. குழந்தை பிறந்ததோ ஏப்ரல் 4. சரியாக 29 வாரம். 11 வாரம் முந்திவிட்டது.

டிசம்பர் 20 அன்று ஓ.பி.க்கு வருகிறார்கள். ஏப்ரல் 4-லிருந்து எண்ணினால் எட்டு மாதம் 16 நாள். ஜூன் 20-லிருந்து எண்ணினால் ஆறு மாதம். அவ்வளவுதான் கணக்கு. புத்தகத்தில் ‘40-இலிருந்து பிறந்த வாரத்தைக் கழி, மீதியை வயதிலிருந்து கழி’ என்று இருக்கும். விடை ஒன்றுதான் என்றாலும், 11 வாரத்தை நாலால் வகுத்து ‘இரண்டே முக்கால் மாதம்’ என்று கழிப்பவர்களுக்கு ஒரு வாரம் பிசகும். 29 வாரம் 5 நாள் என்று இருந்தால் ஆளுக்கு ஒரு விடை வரும். பிரசவத் தேதியிலிருந்து நேராக எண்ணுபவருக்கு இந்தத் தொல்லையே இல்லை.

அதனால் முதல் வருகையிலேயே நோட்டின் மேலட்டையில் பிறந்த தேதிக்குப் பக்கத்தில் பிரசவத் தேதியைப் பெரிதாக எழுதிவிடுங்கள். அம்மாவையும் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். அடுத்த டாக்டர் எந்த ஊரில் இருந்தாலும் அந்த ஒரு தேதி போதும்.

3. நாற்பது வாரத்துக்குத் திருத்துங்கள், முப்பத்தேழுக்கு அல்ல.

37 முடிந்தாலே நிறைமாதம்தானே, அதுவரை கழித்தால் போதாதா என்று ஒவ்வொரு ஆண்டும் யாராவது கேட்பார்கள். மைல்கல் அட்டவணைகளுக்கு அடிப்படை 40 வாரம். 37-க்குத் திருத்தினால் மூன்று வாரம் கூடுதலாகக் குழந்தையிடம் எதிர்பார்க்கிறோம். 35 வாரத்தில் பிறந்த குழந்தைக்கும் இதே விதிதான். ஐந்து வாரம்தானே என்று விட்டுவிட வேண்டாம். மூன்று மாதக் குழந்தைக்கு ஐந்து வாரம் என்பது வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

4. நோட்டில் இரண்டு வயதையும் பெயரோடு எழுதுங்கள்.

வெறுமனே ‘வயது 6 மாதம்’ என்று எழுதிவிட்டுப் போனால், அடுத்து வருபவர் முதல் பக்கத்தில் 29 வாரம் என்று பார்த்துவிட்டு, அதிலிருந்து இன்னொரு முறை கழிப்பார். குழந்தை மூன்றரை மாதமாகிவிடும். கழுத்து நின்றிருக்கிறது, கை நீட்டுகிறான், பிரமாதம் என்று அனுப்பிவிடுவார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: இரண்டு வருகைகளுக்கு நடுவே எத்தனை வாரம் ஓடியதோ, அத்தனை வாரம் திருத்திய வயதும் கூடியிருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லையென்றால் யாரோ இரண்டு முறை கழித்திருக்கிறார்கள், அல்லது கழிக்கவே மறந்திருக்கிறார்கள்.

5. எதற்காகக் கழிக்கிறோம் என்பது தெரிந்திருக்கட்டும்.

குழந்தையின் மேல் இரக்கப்பட்டுக் கொடுக்கும் சலுகை இது என்று பலர் நினைக்கிறார்கள். மூளையின் முதிர்ச்சி பெரும்பாலும் கருவான நாளிலிருந்து தன் கணக்கில் நடக்கிறது. நடுவில் பிறந்துவிட்டதால் அது வேகம் எடுப்பதில்லை. முகம் பார்த்துச் சிரிப்பதைப் பாருங்கள். நிறைமாதக் குழந்தை ஆறு முதல் எட்டு வாரத்தில் சிரிக்கும். நம் குழந்தைக்குப் பிறந்து ஆறு வாரமானது மே 16 அன்று. அப்போது அவன் வயிற்றுக்குள் இருந்திருக்க வேண்டியவன். பிரசவத் தேதிக்கே இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அவன் சிரிப்பை ஆகஸ்ட் முதல் பாதியில் எதிர்பார்க்க வேண்டும். அதற்குள் பிறந்து நாலு மாதம் ஆகியிருக்கும். “நாலு மாசமாச்சு, மூஞ்சியப் பாத்துச் சிரிக்க மாட்டேங்குது” என்று அம்மா அழுதுகொண்டு வருவது அதனால்தான்.

இதைவிடத் துல்லியமாகத் தேதி தேவைப்படும் ஒரு பரிசோதனை உண்டு. மல்லாந்து படுத்திருக்கும் குழந்தையின் தானான அசைவுகளைச் சில நிமிடம் வீடியோ எடுத்துப் பார்ப்பது. ஆஸ்திரியாவில் பிறந்த பிரெக்டல் என்பவர் வளர்த்தெடுத்த முறை. கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் எல்லாவற்றிலும் சின்னச் சின்னதாக, எல்லாத் திசையிலும் ஓடிக்கொண்டே இருக்கும் ஓர் அசைவு, பிரசவத் தேதிக்குப் பிறகு ஒன்பதாவது வாரம் தொடங்கி இருபதாவது வாரம் வரை தெரியும். ‘ஃபிட்ஜெட்டி’ அசைவு என்பார்கள். 12 முதல் 16 வாரத்துக்குள் பார்ப்பது நல்லது. அது அறவே இல்லாவிட்டால் மூளைவாதத்துக்கான வலுவான எச்சரிக்கை.

நம் குழந்தைக்கு அந்தக் காலம் செப்டம்பர் 12 முதல் அக்டோபர் 10 வரை. யாராவது பிறந்த தேதியிலிருந்து 12 வாரம் எண்ணி, ஜூன் 27 அன்று வீடியோ எடுத்தால்? பிரசவத் தேதி தாண்டி ஒரே ஒரு வாரம் ஆகியிருக்கும். அந்த அசைவு இருக்காது, இருக்கவும் கூடாது. ஒன்றுமில்லாத குழந்தையின் பெற்றோர் தலையில் பெரிய கல்லைத் தூக்கிப் போட்டு அனுப்பியிருப்பார்கள். மறுபக்கம், நவம்பர் 7-க்குப் பிறகு வந்தால் காலம் கடந்துவிட்டது. வேறு பரிசோதனைகள் இருக்கின்றன, ஆனால் இந்தக் கதவு மூடிவிடும். முதல் வருகையிலேயே இந்தத் தேதியை அப்பாயின்ட்மென்டில் போட்டுவிடுங்கள்.

6. அட்டவணையில் கோடு போடுமுன் எந்த வயது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்து மையங்களில் அதிகம் புழங்குவது திருவனந்தபுரம் சார்ட். பதினேழே பதினேழு திறன்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை, இரண்டு வயது வரை. குழந்தையின் வயதில் ஒரு பென்சிலை நெட்டாக வைப்போம். பென்சிலுக்கு இடது பக்கம் முடிந்துபோன பட்டைகள் எல்லாவற்றையும் குழந்தை செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அடுத்த கட்டப் பரிசோதனை. பென்சிலை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

டிசம்பர் 20-க்கு வருவோம். பாட்டி சொல்கிறார்: “எட்டரை மாசம் ஆச்சு. எதுத்த வீட்டுப் புள்ள இவனுக்கு அப்பறம் பொறந்தது, எந்திரிச்சு உக்காருது. இவன் சாஞ்சா சரியுறான்.” குழந்தை என்ன செய்கிறான்? இரண்டு பக்கமும் புரள்கிறான். கிலுகிலுப்பையை எட்டிப் பிடிக்கிறான், ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுகிறான். கையை முன்னால் ஊன்றிச் சில நொடி உட்கார்கிறான். சத்தம் வந்த பக்கம் திரும்புகிறான். எட்டரையில் பென்சில் வைத்தால் இது பின்தங்கியதுபோல் இருக்கும். ஆறில் வைத்தால் ஆறு மாதக் குழந்தை செய்ய வேண்டியதைத்தான் செய்கிறான். பாட்டியிடம், “இவன் எதுத்த வீட்டுப் பிள்ளைக்கு முன்னாடி வெளியே வந்துட்டான், அவ்வளவுதாம்மா. வரவேண்டிய நாள் ஆனி மாசம். அங்கிருந்து எண்ணுங்க” என்று சொல்லிப் பாருங்கள். விரல் விட்டு எண்ணுவார். எண்ணியபின் நீங்கள் வேறு எதுவும் விளக்க வேண்டியிருக்காது.

பிடிப்பில்லாமல் உட்கார்வதற்கு உலக சுகாதார நிறுவனம் 2006-இல் தந்த எல்லை ஏறக்குறைய 4 முதல் 9 மாதம். தனியே நடப்பதற்கு 8 முதல் பதினேழரை மாதம். இவ்வளவு அகலமான எல்லை நிறைமாதக் குழந்தைக்கே உண்டு என்பதையும் பாட்டியிடம் சொல்லலாம்.

7. தடுப்பூசிக்கும் கண் பரிசோதனைக்கும் கழிக்கவே கூடாது.

இங்கேதான் நல்லவர்களும் கெடுக்கிறார்கள். திருத்திய வயதைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் ஊசியையும் தள்ளிப் போட்டுவிடுகிறார்கள். ஊசி பிறந்த தேதிக் கணக்கில்தான்: 6, 10, 14 வாரம், பிறகு ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா. நம் குழந்தைக்கு முதல் பென்டாவேலன்ட் ஊசி மே 16-இல். அவன் பிரசவத் தேதியே வராத நாள் அது. ஆனாலும் உடல்நிலை சீராக இருந்தால் போட வேண்டியதுதான். வெளியே வந்துவிட்ட குழந்தையைக் கக்குவான் இருமல் கிருமி பிரசவத் தேதி பார்த்துத் தொற்றுவதில்லை. முன்கூட்டிப் பிறந்ததால் அம்மாவிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தியும் அவனுக்குக் குறைவு.

கண்ணும் அப்படியே. 34 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள், அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைவானவர்கள், பிறந்து 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். 28 வாரத்துக்கும் முந்தியவர்களுக்கும் 1.2 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும் அதைவிட முன்பே, இரண்டு மூன்று வாரத்தில். இவனுக்குக் கடைசி நாள் மே 4. இதில் திருத்திய வயதைக் கொண்டுவந்தால் பார்வை போய்விடும்.

திட உணவு மட்டும் இடையில் நிற்கிறது. ஆறு மாதம் என்றால் எந்த ஆறு? இந்தியாவில் மூன்று பொது மருத்துவமனைகளில் 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2017-இல் வெளியானது. திருத்திய வயது நாலு மாதத்தில் தொடங்கியவர்களையும் ஆறில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். சீக்கிரம் தொடங்கியதால் எடை கூடவில்லை. வயிற்றுப்போக்காலும் சளி நோயாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததுதான் கூடியது. நான் திருத்திய ஆறு மாதம் என்றுதான் சொல்லி அனுப்புவேன், தலை நிற்கிறதா என்றும் பார்த்துக்கொண்டு.

8. கழித்துப் பார்த்துச் சமாதானம் ஆகிவிடாதீர்கள்.

“பிரீடெர்ம்தானே, வந்துடும்” என்பது நம் ஓ.பி.யில் அதிகம் சேதம் செய்யும் வாசகம். திருத்திய வயது குறைமாதத்தால் வரும் இடைவெளியை ஏற்கெனவே கழித்துவிட்டது. அதற்குப் பிறகும் மிஞ்சும் தாமதத்துக்குக் குறைமாதத்தையே மீண்டும் காரணமாகச் சொல்ல முடியாது.

ஒரு வருகையை மட்டும் பார்க்காதீர்கள். வருகைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். திருத்திய வயது நாலு மாதத்தில் ஒரு குழந்தை மூன்று மாதக் குழந்தை செய்வதைச் செய்கிறது. பரவாயில்லை, ஒரு மாதம்தான் என்று எழுதுகிறார்கள். எட்டு மாதத்தில் ஆறு மாதத் திறன். சற்றுத் தாமதம் என்று எழுதுகிறார்கள். பன்னிரண்டில் எட்டு மாதத் திறன். மூன்று வருகையில் மூன்று பேர் பார்த்திருந்தால் ஒருவருக்கும் பெரிதாகத் தோன்றாது. ஒன்று, இரண்டு, நான்கு என்று இடைவெளி விரிந்துகொண்டே போகிறது என்பது பக்கத்தில் பக்கத்தில் எழுதினால்தான் தெரியும். குறைமாதத்தால் வந்த இடைவெளி அப்படி விரியாது. அது அதே 11 வாரமாகவே நிற்கும், ஏற்கெனவே கழித்தும் ஆகிவிட்டது. இரண்டாம் வருகையிலேயே அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்பியிருக்க வேண்டிய குழந்தை அது.

சில அடையாளங்களுக்கு அட்டவணையே தேவையில்லை. ஒரு பக்கக் கையை மட்டும் பயன்படுத்துவது ஒரு வயதுக்கு முன் தெரிந்தால், ‘இடது கைப் பழக்கம்’ என்று சிரித்துவிட்டுப் போகாமல் மறு கையைப் பாருங்கள். டயபர் மாற்றும்போது தொடைகள் பிரியாமல் இறுகுகின்றன என்று அம்மா சொன்னால், மேசையில் படுக்கவைத்து நீங்களே பிரித்துப் பாருங்கள். கட்டைவிரல் உள்ளே மடங்கிய முட்டி திருத்திய மூன்று நாலு மாதம் தாண்டியும் விரியாமல் இருப்பது, செய்துகொண்டிருந்த ஒன்றை விட்டுவிடுவது, தலையை ஆட்டி ஆட்டிக் கொத்துக் கொத்தாகத் திடுக்கிடுவது: இவற்றுக்கு அன்றே டாக்டர் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு ஒரு நாளும் பொறுக்கக் கூடாது.

9. வீட்டில் நடப்பதையும் கேளுங்கள்.

எட்டு மாதம் ஆகிவிட்டது என்று சக்கரம் வைத்த வாக்கர் வாங்கி உட்கார வைத்துவிடுவார்கள். திருத்திய வயதில் அவன் ஐந்தரை மாதம். இடுப்பு இன்னும் நிற்கவில்லை. குறைமாதக் குழந்தைகள் பலருக்குக் கால் ஏற்கெனவே விறைத்து நீளும் பழக்கம் உண்டு. வாக்கரில் தொங்கவிட்டால் நுனிக்காலால் தள்ளித் தள்ளி அதே பழக்கம் ஊறும். தரையில் பாய் விரித்துக் குப்புறப் போட்டு, எதிரில் அம்மா படுத்துப் பேசினால் போதும். செலவும் இல்லை.

10. இரண்டு வயதில் நிறுத்துங்கள், அதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இரண்டு வயதுவரை திருத்துவது பொது வழக்கம். 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்குச் சில மையங்கள் மூன்று வரை நீட்டிக்கின்றன. எட்டரை மாதத்தில் இரண்டரை மாதம் என்பது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. நாலு வயதில் அதே இரண்டரை மாதம் இருபதில் ஒரு பங்குதான், யாருக்கும் தெரியாது. ஆனால் நிறுத்தும் அந்த வருகையில் ஒரு சின்னப் பள்ளம் வரும். முந்தின வருகைவரை வயதுக்குச் சரி என்று சொல்லப்பட்ட குழந்தை, அளவுகோல் மாறியதும் சற்றுப் பின்தங்கியதாகக் கணக்கில் வருவான். முக்கியமாகப் பேச்சில். இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசுவதில் இரண்டரை மாதம் பெரிய வித்தியாசம்.

ஆகையால் நம் குழந்தைக்கு 2025 ஜூன் 20 வருகையில் இரண்டு வயதுக்கும் தனித்தனியாக மதிப்பீடு எழுதுங்கள்: திருத்தியது 24 மாதம், பிறந்தது 26 மாதம் 16 நாள். பேச்சு பிறந்த வயதுக்கு எட்டாமல் திருத்திய வயதுக்கு மட்டும் எட்டியிருந்தால் மூன்று மாதத்தில் மறுபடி வரச் சொல்லுங்கள். திருத்திய வயதுக்கே எட்டாவிட்டால், காது பரிசோதனைச் சீட்டு நோட்டில் இருக்கிறதா என்று முதலில் தேடிவிட்டு, ஸ்பீச் தெரபிக்கு அன்றே பெயர் எழுதுங்கள்.